யாரும் சாவதில்லை, யாரையும் நீக்குவதில்லை

நம் நாளிதழ்களில் வரும் மரண அறிவிப்புகளை ஒரு வாரம் தொடர்ந்து படித்துப் பாருங்கள். அங்கே ஒருவர்கூடச் சாவதில்லை. ஒருவர் இறைவனடி சேர்ந்திருப்பார். இன்னொருவர் சிவபதம் அடைந்திருப்பார். பக்கத்துக் கட்டத்தில் இருப்பவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்திருப்பார். கீழே சிறிய கட்டத்தில் ஒருவர் இயற்கை எய்தியிருப்பார். எந்தப் பக்கமும் சாராதவர் காலமாகியிருப்பார்.

தமிழ்ப்பள்ளியில் முப்பத்தொரு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். சுங்கைப் பட்டாணியில் எங்கள் தாமானில் யார் வீட்டில் துக்கம் என்றாலும், பத்திரிகைக்கு அனுப்ப வேண்டிய நாலு வரியை எழுத என்னைத்தான் கூப்பிடுவார்கள். இப்படி நிறைய எழுதியிருக்கிறேன். இறந்தவரின் பெயர், வயது, பிறந்த தோட்டம், பிள்ளைகள், மருமக்கள், நல்லடக்கமா தகனமா, எத்தனை மணிக்கு வீட்டிலிருந்து எடுக்கிறார்கள் என்பதெல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். 'செத்தார்' என்பதற்குப் பதிலாக எந்தச் சொல்லைப் போடுவது என்பதில்தான் நேரம் போகும்.

ஒரு வீட்டில் அண்ணன் கோவில் நிர்வாகத்தில் இருக்கிறவர், தம்பி பெரியார் வழி. அப்பாவின் உடல் கூடத்தில் இருக்கிறது. அண்ணன் 'சிவபதம் அடைந்தார்' என்று போடச் சொல்கிறார். தம்பி 'இயற்கை எய்தினார்' என்கிறார். பத்திரிகை அலுவலகத்திலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது. போய்ச் சேர்ந்தவர் வாழ்நாளெல்லாம் பால்மரம் வெட்டியவர், இரண்டில் எதையும் பற்றிப் பெரிதாகப் பேசியவர் இல்லை. கடைசியில் அம்மாதான் உள்ளேயிருந்து, "காலமானார்னு போடும்மா டீச்சர், அது போதும்" என்று குரல் கொடுத்தார். இருவரும் அடங்கினார்கள். அந்தச் சொல்லில் சாமியும் இல்லை, சாமி இல்லை என்பதும் இல்லை.

அன்று முதல் இந்தச் சொற்களை வேறு மாதிரி படிக்க ஆரம்பித்தேன். இவை இறந்தவரைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. பின்னால் இருப்பவர்கள் யார், எதை நம்புகிறார்கள், வருகிறவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைத்தான் சொல்கின்றன. 'கர்த்தருக்குள்' என்று பார்த்ததும் வீட்டில் ஜெபம் இருக்கும் என்று தெரிந்துகொள்கிறோம். 'இயற்கை எய்தினார்' என்றிருந்தால் பண்டாரம் வரமாட்டார் என்று தெரிகிறது. ஆள் இறந்துவிட்டார் என்பதில் மட்டும் யாருக்கும் ஒரு நொடிகூடச் சந்தேகம் வருவதில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், நாம் வெளிப்படையான சொல் என்று நினைக்கிற 'இறந்தார்' என்பதே ஒரு பூசி மெழுகிய சொல்தான். 'இற' என்றால் கடந்து போவது. இலக்கணத்தில் 'இறந்த காலம்' என்கிறோமே, அந்த இறந்த காலம் செத்துப்போன காலம் இல்லை, கடந்துபோன காலம். ஆங்கிலேயர் 'பாஸ்ட் அவே' என்பதும், மலாய்க்காரர் உலகை விட்டுச் சென்றார் என்ற பொருளில் 'மெனிங்கால் துனியா' என்பதும் அதே வழிதான். மலாயில் 'மாத்தி' என்ற நேரடிச் சொல் ஆடு மாட்டுக்கும் நின்றுபோன இயந்திரத்துக்கும் பொருந்தும், மரியாதைக்குரிய மனிதருக்குப் பொருந்தாது. சுல்தான் என்றால் அதற்கும் தனியாக 'மங்காட்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்.

சங்க காலத்திலும் இப்படித்தான். மன்னர்களை அவர்கள் இறந்த இடத்தை வைத்து 'குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன்', 'சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன்' என்று குறித்தார்கள். துஞ்சுவது என்றால் தூங்குவது. 'கர்த்தருக்குள் நித்திரை' என்பதைப் புதிதாக வந்த வழக்கு என்று நினைத்தேன். அதற்கு மிக முன்பே நம் அரசர்கள் அப்படித் தூங்கியிருக்கிறார்கள்.

படிவம் நான்கிலும் ஐந்திலும் தமிழ் எடுத்தவர்களுக்கு இதன் இலக்கணப் பெயர் நினைவிருக்கலாம். நன்னூலில் 'தகுதி வழக்கு' என்று மூன்று வகை சொல்லப்பட்டிருக்கிறது. முதலாவது இடக்கரடக்கல், அதாவது சபையில் சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்வது. 'கால் கழுவி வந்தேன்' என்பது அப்படி. இரண்டாவது மங்கலம். அமங்கலமானதை மங்கலமாகச் சொல்வது. செத்தாரைத் துஞ்சினார் என்பதும், சுடுகாட்டை நன்காடு என்பதும், கருப்பு ஆட்டை வெள்ளாடு என்பதும் இதற்கு உதாரணங்கள். மூன்றாவது குழூஉக்குறி. ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் புரியும்படி பேசிக்கொள்ளும் சொல். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளருக்கு அது புரியாது, புரியக்கூடாது என்பதுதான் அதன் நோக்கமே.

வகுப்பில் இந்த மூன்றையும் தேர்வுக்காக ஒப்பிக்க வைப்போம். அவற்றுக்கிடையே உள்ள முக்கியமான வேறுபாடு எனக்குத் தெளிவாகத் தெரிந்தது ஓய்வு பெற்ற பிறகுதான். மங்கலத்தில் சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் உண்மை ஒரே அளவுக்குத் தெரியும். இரவு ஒரு மணிக்குப் போன் வந்து, "அப்பாவுக்கு ரொம்ப முடியல, உடனே கிளம்பி வா" என்றால், அப்பா போய்விட்டார் என்று பிள்ளைக்குத் தெரியும். தெரியும் என்று சொல்கிற சித்தப்பாவுக்கும் தெரியும். கோலாலம்பூரிலிருந்து நாலரை மணி நேரம் கார் ஓட்டி வரவேண்டிய பையன் நிதானமாக வரட்டும் என்றுதான் அந்தப் பொய். குழூஉக்குறியில் அப்படி இல்லை. ஒருவருக்குத் தெரியும், மற்றவருக்குத் தெரியாது. தெரிந்தவருக்கு அதில் லாபம் உண்டு.

என் வீட்டு மேசைக்கு மரண அறிவிப்பு மட்டும் வருவதில்லை. ஆங்கிலத்திலோ மலாயிலோ வந்த கடிதங்களைப் படித்துச் சொல்லச் சொல்லியும் வருவார்கள். 2023-ல் ஒரு நாள் சாயங்காலம், மூன்றாவது வீட்டுப் பெண் வேலைச் சீருடையோடு அப்படியே வந்தாள். தொழிற்சாலை ஒன்றில் பதினெட்டு வருடமாகப் புரொடக்‌ஷன் லைனில் வேலை. மாதம் 2,700 ரிங்கிட். கையில் ஒரு காகிதம்.

"டீச்சர், மதியம் ஆபீசுக்குக் கூப்பிட்டாங்க. 'வி ஹேவ் டு லெட் யூ கோ'ன்னாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. எங்க போகச் சொல்றாங்கன்னு கேட்டேன்."

அவளுக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை. 'லெட்' என்றால் விடு, 'கோ' என்றால் போ. போக விடுகிறார்கள். யார் போக வேண்டும் என்று கேட்டது? கூண்டில் இருக்கும் பறவையைத்தான் போக விடுவார்கள். அவள் கேட்டது நியாயமான கேள்வி.

காகிதத்தைப் படித்தேன். அது நிறுவனம் அவளுக்கு எழுதிய கடிதம் இல்லை. அவள் நிறுவனத்துக்கு எழுதுவதுபோல் முன்கூட்டியே தட்டச்சு செய்த கடிதம். சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன், இத்தனை வருடம் வாய்ப்புக் கொடுத்ததற்கு நன்றி, கீழே கையெழுத்துக்குக் கோடு. கையெழுத்துப் போட்டால் 'நல்லெண்ணத் தொகை'யாக இரண்டு மாதச் சம்பளம் தருவார்களாம். "ரிசைன்னு போனா ரெக்கார்ட் கிளீனா இருக்கும், அடுத்த இடத்துல வேலை கிடைக்க ஈசி" என்று மேற்பார்வையாளர் அக்கறையோடு சொன்னாராம். அன்று மதியமே அவளோடு வேலை செய்த ஆறு பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். இவள் மட்டும் கண்ணாடி எடுத்து வரவில்லை, வீட்டில் படித்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கி வந்திருக்கிறாள்.

'விலகல்' என்ற அந்த ஒரு சொல்லுக்கு என்ன விலை என்று அன்று இரவு கணக்குப் போட்டோம்.

நம் நாட்டில் ஒரு முதலாளி ஆள் அதிகம் என்று வேலையிலிருந்து நிறுத்தினால், 1980-ஆம் ஆண்டின் பணிநீக்கப் பலன் விதிமுறைகளின்படி இழப்பீடு தரவேண்டும். நாலாயிரம் ரிங்கிட்டுக்கு மேற்படாத சம்பளக்காரருக்கு இது பொருந்தும். ஒரு வருடத்துக்கு மேல் ஆனால் இரண்டு வருடம் நிரம்பாதவருக்கு வருடத்துக்குப் பத்து நாள் சம்பளம், இரண்டிலிருந்து ஐந்து வருடத்துக்குள் இருந்தால் பதினைந்து நாள், ஐந்து வருடமும் அதற்கு மேலும் என்றால் இருபது நாள். அவளுடைய வருடச் சம்பளம் 32,400. அதை 365-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 88 ரிங்கிட் 77 சென். இருபது நாளுக்கு 1,775. பதினெட்டு வருடத்துக்குப் பெருக்கினால் ஏறத்தாழ 32,000 ரிங்கிட். இது போக, ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு, ஒப்பந்தத்தில் வேறு எதுவும் சொல்லாதபோது, எட்டு வார முன்னறிவிப்பு தரவேண்டும். இல்லையென்றால் அதற்கான சம்பளம் தரவேண்டும். அது இன்னொரு ஐயாயிரம்.

பிறகு பெர்கேசோ. 2018-லிருந்து நம் சம்பளத்தில் வேலைக் காப்புறுதிக்கு என்று சிறு தொகை பிடிக்கிறார்கள் அல்லவா, வேலை இழந்தவருக்கு வேலை தேடும் காலத்தில் உதவித்தொகை கொடுப்பதற்குத்தான் அது. அப்போது இருந்த கணக்குப்படி முதல் மாதம் பழைய சம்பளத்தில் எண்பது விழுக்காடு, இரண்டாவது மாதம் ஐம்பது, அடுத்த இரண்டு மாதம் நாற்பது நாற்பது, கடைசி இரண்டு மாதம் முப்பது முப்பது. வேலை கிடைக்காமல் ஆறு மாதமும் போனால் அவளுக்கு ஏழாயிரத்துச் சொச்சம் வரும். ஆனால் தானாக வேலையை விட்டவருக்கு இது கிடையாது. 'சொந்தக் காரணங்களுக்காக' என்று கையெழுத்துப் போட்டவர் தானாக விட்டவர்தான்.

ஆக, ஒரு பக்கம் இரண்டு மாத நல்லெண்ணம், அதாவது 5,400 ரிங்கிட். மறுபக்கம் நாற்பதாயிரத்துக்கு மேல். அவள் கணவன் கால்குலேட்டரை வாங்கி இன்னொரு முறை தட்டிப் பார்த்தான்.

ஆட்குறைப்பு என்ற சொல்லைத் தவிர்ப்பதில் நிறுவனத்துக்கு இன்னொரு வசதியும் உண்டு. ஆட்குறைப்பு செய்வதானால் முப்பது நாளுக்கு முன்பே தொழிலாளர் இலாகாவுக்கு 'பிகே' பாரம் அனுப்ப வேண்டும். யார் யார், எத்தனை பேர், ஏன், வெளிநாட்டுத் தொழிலாளர் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றெல்லாம் எழுத வேண்டும். ஒரே வகை வேலையில் உள்ளூர்க்காரரை நிறுத்துவதற்கு முன் வெளிநாட்டவரை நிறுத்த வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஏழு பேர் ஒரே நாளில் சொந்தக் காரணங்களுக்காக விலகிக்கொண்டால் பாரமும் இல்லை, கேள்வியும் இல்லை.

அவள் கையெழுத்துப் போடவில்லை. மறுநாள் வழக்கம்போல் வேலைக்குப் போனாள். போவதற்கு முன் ஒன்று மட்டும் சொல்லிக் கொடுத்தேன். சண்டை போட வேண்டாம், 'என்னை வேலையிலிருந்து நிறுத்துவதாக இருந்தால் காரணத்தையும் கடைசித் தேதியையும் போட்டு நீங்கள் கடிதம் கொடுங்கள்' என்று கேட்டால் போதும். கேட்டாள். மூன்று நாள் யாரும் பேசவில்லை. பிறகு கணவனோடு போய்த் தொழிலாளர் இலாகாவில் விவரம் சொல்லிவிட்டு வந்தாள். மூன்றாவது வாரம் கடிதம் வந்தது. உற்பத்தி குறைந்ததால் அந்தப் பதவி தேவைக்கு அதிகமாகிவிட்டது, இன்ன தேதியோடு வேலை முடிகிறது, பலன்கள் இன்னின்ன என்று இருந்தது. இதிலும் 'நாங்கள் உங்களை நிறுத்துகிறோம்' என்ற வரி இல்லைதான். ஆனால் காரணம் இருந்தது, தேதி இருந்தது, கீழே கையெழுத்து அவர்களுடையது.

கையெழுத்துப் போட்ட ஆறு பேரும் அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். கட்டாயப்படுத்தி வாங்கிய விலகல் கடிதத்தையும் பணிநீக்கமாகவே கருதலாம் என்று நம் தொழில் நீதிமன்றம் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் கட்டாயப்படுத்தினார்கள் என்று நிரூபிக்க வேண்டியது தொழிலாளிதான். மூடிய அறையில், அக்கறையான குரலில் சொன்னதை எப்படி நிரூபிப்பது? இருவர் மட்டும் தொழில் உறவு இலாகாவில் மனுக் கொடுத்தார்கள். சமரசப் பேச்சில் ஏதோ ஒரு தொகை கிடைத்தது. மற்ற நால்வரும் 'கிளீன் ரெக்கார்டோடு' நின்றுவிட்டார்கள்.

எல்லாப் பிரிவுத் திட்டமும் மோசடி என்று நான் சொல்லவில்லை. 'விஎஸ்எஸ்' என்று நாம் சுருக்கமாகச் சொல்கிற விருப்ப விலகல் திட்டத்தில் சட்டம் சொல்வதைவிட அதிகமாகவே கொடுத்த நிறுவனங்கள் உண்டு. அதை வாங்கி வீட்டுக் கடனை அடைத்தவர்களும் எங்கள் தாமானில் இருக்கிறார்கள். அந்தத் திட்டத்தில் போனவரையும் பெர்கேசோ வேலை இழந்தவராகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. விருப்பம் என்பது உண்மையா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. 'எனக்கு வேண்டாம்' என்று சொல்லிப் பாருங்கள். நாளைக் காலையில் உங்கள் இடத்தில் உங்களை உட்கார விட்டால் அது விருப்பம். வாயில் அட்டை வேலை செய்யவில்லை என்றால் அதற்கு வேறு பெயர்.

நம் மக்கள் பேச்சில் இந்தக் குழப்பமே இருந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 'சீட்டைக் கிழிச்சிட்டாங்க', 'தூக்கிட்டாங்க', 'நிப்பாட்டிட்டாங்க'. மூன்றிலும் செய்தவன் ஒருவன் இருக்கிறான். பெயர் சொல்லாவிட்டாலும் அந்த 'ஆங்க'வில் அவன் உட்கார்ந்திருக்கிறான். அறுபதுகளை ஒட்டி இங்கே பெரிய தோட்டங்களைச் சிறு சிறு பகுதிகளாக விற்றபோது, நம்மவர் அதற்கு வைத்த பெயர் 'துண்டாடல்'. நிலத்தைப் பங்கு பிரித்தார்கள் என்றோ உரிமை மாற்றம் என்றோ சொல்லவில்லை. அந்தச் சொல்லில் கத்தி இருக்கிறது, வெட்டுப்பட்டதும் இருக்கிறது. அந்தத் துண்டாடலைப் பார்த்துத்தான் துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். எங்கள் அப்பா தலைமுறைக்கு ஆங்கிலக் கடிதம் படிக்கத் தெரியாது. தங்களுக்கு என்ன நடக்கிறது என்று சொல்ல மட்டும் நன்றாகத் தெரிந்திருந்தது.

நாம்தான் இப்போது மெல்ல மாறிவருகிறோம். நிறுவனத்தின் சொல்லை நாமே நம் வாயால் சொல்கிறோம். அதைவிடச் சங்கடமானது, வேலை போனவர் தானே தனக்கு ஒரு மூடுசொல்லைத் தேடிக்கொள்வது. ஆங்கிலத்தில் 'பிட்வீன் ஜாப்ஸ்' என்பார்கள். இரண்டு வேலைக்கு நடுவில் இருக்கிறாராம். நடுவில் என்று சொல்ல வேண்டுமானால் அந்தப் பக்கமும் ஒன்று இருக்க வேண்டும். ஒரு கரையில் நின்றுகொண்டு ஆற்றின் நடுவில் இருக்கிறேன் என்று சொல்வதுபோல. தமிழில் நாம் அவ்வளவு நாசூக்காகச் சொல்வதில்லை. 'லீவுல இருக்கேன்', 'கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கிறேன்', 'சொந்தமா ஒண்ணு பண்ணலாம்னு பாக்குறேன்'. கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது, "தம்பி இப்ப எங்க வேலை செய்றீங்க?" என்று பெரியவர் ஒருவர் கேட்பாரே, அந்த ஒரு கேள்விக்காகவே இத்தனையும்.

இதை மங்கலம் என்று விட்டுவிடலாம், கேட்கிறவருக்கும் தெரியாமலா இருக்கிறது என்று நானும் நினைத்திருந்தேன். பின் வரிசை வீட்டுக்காரர் ஒருவரின் கதை தெரியும்வரை.

அவர் ஒரு சரக்கு நிறுவனத்தில் கிடங்குப் பொறுப்பாளராக இருந்தார். ஐம்பத்திரண்டு வயது. நிறுவனம் அவரை முறையாகத்தான் நிறுத்தியது, கடிதமும் கொடுத்தது. ஆனால் காரணம் என்று எழுதியிருந்தது அவருக்கு நியாயமாகப் படவில்லை. அவருடைய இடத்தில் வேறொருவரை அடுத்த வாரமே உட்கார வைத்துவிட்டார்கள். அவர் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை. தினமும் காலை ஆறரைக்கு மனைவி கட்டிக்கொடுத்த சோற்றை எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிடுவார். நூலகம், பேரங்காடி, நண்பரின் ஒட்டுக்கடை என்று நேரத்தைக் கழித்துவிட்டு ஐந்தரைக்குத் திரும்புவார். வெளியே பார்த்துக் கேட்டவர்களிடம் 'லீவு' என்றார். மாதம் பிறந்தால் சேமிப்பிலிருந்து 'சம்பளம்' எடுத்து மனைவியிடம் கொடுத்தார். மூன்று மாதம் இப்படியே போயிற்று. வாகனக் காப்புறுதிக்கு ஏதோ பாரம் தேடிய மனைவி இருக்கைக்கு அடியில் அந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் கொண்டுவந்தார்.

தேதியைப் பார்த்தேன். தொண்ணூற்று நான்கு நாள் ஆகியிருந்தது.

நியாயமான காரணமின்றி நீக்கிவிட்டார்கள், வேலையைத் திருப்பிக் கொடுங்கள் என்று தொழில் உறவு இலாகாவில் மனுக் கொடுப்பதற்கு, நீக்கிய நாளிலிருந்து அறுபது நாள்தான் அவகாசம். பெர்கேசோவின் வேலை இழப்பு உதவிக்கு விண்ணப்பிக்கவும் அதே அறுபது நாள். இரண்டு வாசலும் அவர் பேரங்காடியில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தபோது மூடிவிட்டன. சட்டப்படி தரவேண்டிய இழப்பீட்டை நிறுவனம் கொடுத்திருந்தது. மூன்று மாதமாகச் 'சம்பளம்' என்று அவர் வீட்டுக்குக் கொடுத்தது அந்தப் பணம்தான்.

அவர் மனைவிக்குக் கோபம் வேலை போனதில் இல்லை. "தினம் ரசம் வச்சுக் குடுத்தேன் டீச்சர், ஒரு நாள் சொல்லியிருந்தா நானும் அந்த ஆபீசுக்கு வந்து நின்னிருப்பேன்ல" என்றார். அவர் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். வேலை போய்விட்டது என்று ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும் என்று பயந்ததாகப் பிறகு சொன்னார். சாவு வீட்டில் பெரிய பிள்ளைகள் இப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் சாவுக்கு அறுபது நாள் கெடு கிடையாது. காலமானார் என்றாலும் செத்தார் என்றாலும் மரணச் சான்றிதழில் மாற்றம் ஒன்றும் இல்லை.

அவர் இப்போது கிராப் ஓட்டுகிறார். கேட்டால் கிராப் ஓட்டுகிறேன் என்றே சொல்கிறார். மூன்றாவது வீட்டுப் பெண்ணுக்கு ஐந்தாவது மாதம் வேறு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. பழைய இடத்தில் ஏன் நின்றீர்கள் என்று நேர்காணலில் கேட்டார்களாம். "ஆள் அதிகம்னு நிறுத்திட்டாங்க, லெட்டர் இருக்கு" என்று கடிதத்தை எடுத்து நீட்டியிருக்கிறாள். அவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டு, எந்த ஷிப்டுக்கு வர முடியும் என்று கேட்டார்களாம்.

இப்போதெல்லாம் காலை வேளையில் எங்கள் தாமான் பூங்காவில் வேலைக்குப் போகும் வயதுக்காரர் யாரையாவது பார்த்து, அவர் 'லீவுல இருக்கேன் டீச்சர்' என்றால், நான் சிரித்துவிட்டு நடையைத் தொடர்வதில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "அப்படியா, எந்தத் தேதியிலிருந்துப்பா?" என்று கேட்கிறேன்.